“லாஸ்ட் ப்ரைஸ் என்ன ப்ரோ?” இதுக்கு என்ன பதில் சொல்றது?

பழைய பொருள் எதையாவது ஆன்லைன்ல விக்கப் போட்டிருந்தீங்கன்னா, இன்னைக்குப் பேசப்போற விஷயம் உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும். போட்டோ போட்டு, விவரம் எழுதி, விலையும் தெளிவா போட்டிருப்பீங்க. பத்தாவது நிமிஷம் ஒரு மெசேஜ் வரும்: “லாஸ்ட் ப்ரைஸ் என்ன ப்ரோ?”

இதுக்கு நம்மள்ல பெரும்பாலானவங்க மூணு பதில்ல ஒண்ணைச் சொல்லுவோம். முதல் பதில் “ஃபிக்ஸட் ப்ரைஸ்”. அதோட பேச்சு முடிஞ்சது, அந்த ஆள் திரும்ப வரமாட்டார். ரெண்டாவது, “நீங்க எவ்வளவு தருவீங்க?” இது மரியாதையான கேள்வி மாதிரி தெரியும், ஆனா முதல் நம்பரைச் சொல்ற உரிமையை எதிராளிக்குக் கொடுத்துட்டீங்க. மூணாவது, “வாங்க, பாத்துப் பண்ணிக்கலாம்”. இதுக்கு அர்த்தம், நான் போட்ட விலை பொய், குறைக்கப்போறேன்னு நீங்களே சொல்லிட்டீங்க. பொருளைப் பாக்காமலே உங்ககிட்ட ஒரு தள்ளுபடி வாங்கிட்டார்.

விலையையும் விடாம, ஆளையும் விடாம நாலாவதா ஒரு பதில் எழுதலாம். அது எப்படின்னு நான் என் லேப்டாப்பை வித்த கதையை வச்சே சொல்றேன்.

மெஷின் ஒரு திங்க்பேட் டி480. எட்டாவது தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. 2018ல வந்த மாடல், ஆனா விண்டோஸ் 11 ஓடும், அதனால இன்னும் வாங்க ஆள் இருக்கு. வித்த காசு அடுத்த மெஷினுக்கு அட்வான்ஸா போகணும். அதனால ஆயிரம் ரெண்டாயிரம்னு சும்மா விட்டுக்கொடுக்க முடியாத நிலைமை.

விளம்பரம் போடறதுக்கு முன்னாடியே ரெண்டு நம்பர் எழுதி வச்சுக்கிட்டேன். ஒண்ணு, இது தனி ஆளுக்கு விக்கலைன்னா எனக்கு என்ன கிடைக்கும்ங்கிறது. பேச்சுவார்த்தை பத்தின புத்தகங்கள்ல இதுக்கு ‘பாட்னா’ன்னு ஒரு பேர் உண்டு. பீகார் பாட்னா இல்லீங்க, “ஒத்துவரலைன்னா எனக்கு இருக்கிற அடுத்த நல்ல வழி” அப்படிங்கிறதோட ஆங்கிலச் சுருக்கம். ஃபிஷரும் யூரியும் 1981ல எழுதின புத்தகத்துல வந்தது. என் விஷயத்துல அந்த அடுத்த வழி ரிச்சி ஸ்ட்ரீட். அங்கே கடையில கேட்டதுக்கு 12,500 சொன்னாங்க. அதே மாதிரி மெஷினை மத்தவங்க 16,500ல இருந்து 19,500 வரைக்கும் போட்டிருந்தாங்க. என் மெஷினோட நிலைமைக்கு 17,000க்குக் கீழே போறதில்லைன்னு முடிவு பண்ணேன். அது என் தரை. அந்த நம்பர் யார்கிட்டயும் சொல்றதுக்கு இல்ல, நான் தடுமாறாம இருக்கிறதுக்கு.

ரெண்டாவது நம்பர், போடற விலை. நம்ம ஊர் வழக்கம் என்னன்னா, எப்படியும் குறைச்சுக் கேப்பாங்கன்னு 22,000 போட்டு வைக்கிறது. அதுல ஒரு சிக்கல் இருக்கு. 20,000க்குள்ள வேணும்னு ஃபில்டர் போட்டுத் தேடறவர் கண்ணுக்கு நீங்க தெரியவே மாட்டீங்க. சரியான ஆளை வெளியே நிறுத்திட்டு, பேரம் பேச வர்றவரை மட்டும் உள்ளே விட்ட மாதிரி ஆயிடும்.

அப்புறம் முழு நம்பரா போடறதா, உதிரி நம்பரா போடறதாங்கிறதும் முக்கியம். ஈபே தளத்துல பேரம் நடந்த விளம்பரங்களை வச்சு பேக்கஸ், பிளேக், டடேலிஸ்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு ஆய்வு பண்ணாங்க, 2019ல வெளிவந்தது. 100 டாலர், 200 டாலர்னு முழுசா போட்டவங்களுக்கு வந்த முதல் கேள்வி விலை, பக்கத்துலயே உதிரி நம்பர் போட்டவங்களுக்கு வந்ததைவிட 5ல இருந்து 8 சதவீதம் குறைவு. ஆனா முழு நம்பர் போட்டவங்களுக்கு ஆள் சீக்கிரம் வந்தாங்க. அதாவது முழு நம்பரைப் பாத்ததும் வாங்கறவர் “இவருக்கு அவசரம், குறைப்பார்”னு படிக்கிறார். எனக்கு அவசரம் இல்ல. அதனால 18,000 போடாம 17,800 போட்டேன்.

சரி, இப்ப மெசேஜ் வந்தாச்சு. “லாஸ்ட் ப்ரைஸ் சொல்லுங்க ப்ரோ.”

நான் எழுதினது இது: “17,800தான் ப்ரோ. ரெண்டு பேட்டரிக்கும் ரிப்போர்ட் போட்டோல இருக்கு, பாத்துக்கோங்க. சனிக்கிழமை காலைல கிண்டி பக்கம் வந்தா ஒரு மணி நேரம் ஓட்டியே பாக்கலாம். 10 மணி உங்களுக்கு சரிப்படுமா?”

இதுல மூணு விஷயம் இருக்கு, வரிசையும் முக்கியம். முதல்ல விலை, மன்னிப்பு கேக்காம, இழுக்காம. அடுத்து, அந்த விலைக்கு அவரே சரிபார்க்கக்கூடிய ஒரு காரணம். “நல்லா வச்சிருக்கேன் ப்ரோ, ஒரு ப்ராப்ளமும் இல்ல”ங்கிறது காரணம் இல்ல, எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. மூணாவது, அடுத்து அவர் என்ன செய்யணும்ங்கிறது, கேள்வியா. “வேணும்னா வாங்க”ன்னு முடிச்சா அவர் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. “10 மணி சரிப்படுமா”ன்னு கேட்டா, பேச்சு விலையில இருந்து நேரத்துக்கு நகருது.

அந்த பேட்டரி ரிப்போர்ட் எப்படி எடுக்கறதுன்னு கேப்பீங்க. விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து இதை அடிங்க:

```
powercfg /batteryreport
```

`battery-report.html`னு ஒரு ஃபைல் வரும். அதுல `DESIGN CAPACITY`ங்கிறது புதுசுல இருந்த கொள்ளளவு, `FULL CHARGE CAPACITY`ங்கிறது இப்ப நிக்கிறது. டி480ல உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழட்டி மாட்டற மாதிரி ஒரு பேட்டரி. என் மெஷின்ல வெளி பேட்டரி 72 வாட் ஹவர்ல 63 நின்னுச்சு, உள் பேட்டரி 24ல 18. கிட்டத்தட்ட 88 சதவீதம், 75 சதவீதம். அந்த 75ஐ நான் மறைக்கல. டச்பேட் பக்கத்துல ஒரு கீறல் இருந்தது, அதையும் கிட்டக்க போய் போட்டோ எடுத்துப் போட்டேன். இது ஏன்னு கொஞ்சம் கழிச்சு சொல்றேன்.

இன்னொண்ணு. விளம்பரத்துக்குக் கீழே எல்லாரும் பாக்கற இடத்துல பேரம் நடக்குதுன்னா, உங்க பதிலை அவர் மட்டும் படிக்கல. அங்கே “சரி, 16,500 வச்சுக்கோங்க”ன்னு எழுதின அடுத்த நிமிஷம் உங்க விலை 16,500. இந்த ஆள் வாங்காமப் போனாலும், அடுத்து வர்றவர் அதுல இருந்துதான் ஆரம்பிப்பார். அதனால பொதுவுல விலையும் காரணமும் மட்டும், நேரம் இடம் எல்லாம் தனி மெசேஜ்ல.

சரி, கதைக்கு வரேன். அவர் நேரத்துக்கு பதில் சொல்லல. “13,000 தரேன் ப்ரோ, இப்பவே வந்து எடுத்துக்கறேன், ரெடி கேஷ்.”

இங்கேதான் கை தானா “16,000 பண்ணுங்க”ன்னு டைப் பண்ணும். நிறுத்துங்க. 13க்கும் 16க்கும் நடுவுல 14,500. நீங்க 16 சொன்ன உடனே அவர் மனசுல அதுதான் நியாயமான விலைன்னு உக்காந்துடும். 17,800ன்னு ஒரு விலை இருந்ததே மறந்துபோயிடும். ஒரு காரணமும் இல்லாம 1,800 இறங்கினவர், இன்னும் 1,500 இறங்குவார்னு அவர் நினைக்கிறதுலயும் தப்பில்ல.

அதுக்காகக் கோபப்படவும் கூடாது. “13க்கு சார்ஜர்கூட வராது”ன்னு நக்கல் அடிக்கிறவங்களைப் பாத்திருக்கேன். அடிச்ச அப்புறம் அந்த ஆள் 17,800க்கே வாங்க நினைச்சாலும் வரமாட்டார், கௌரவம் தடுக்கும்.

நான் நம்பருக்கு நம்பர் சொல்லல, ஒரு கேள்வி கேட்டேன்: “13 எதை வச்சு சொல்றீங்க ப்ரோ? வேற எங்கயாவது பாத்தீங்களா?” இதை சண்டைக்கு இழுக்கிற மாதிரி இல்லாம, நிஜமாவே தெரிஞ்சுக்க கேளுங்க. ஏன்னா குறைச்சுக் கேக்கறவங்க எல்லாரும் ஒரே ரகம் இல்ல. சிலர் வழக்கத்துக்குக் கேக்கறாங்க, கேக்காம விட்டா ஏமாந்துட்டோமோன்னு இருக்கும். சிலருக்கு பொருள் மேல சந்தேகம். சிலர் கையில நிஜமாவே அவ்வளவு காசு இல்ல. வழக்கத்துக்குக் கேக்கறவருக்கு அமைதியா ஒரு தடவை விலையைத் திருப்பிச் சொன்னாப் போதும். சந்தேகம் இருக்கிறவருக்கு ஆதாரம் வேணும். காசு இல்லாதவருக்கு இந்த ரெண்டும் உதவாது. யார்னு தெரியாம பதில் சொன்னா, சந்தேகப்படறவருக்கு விலையைக் குறைச்சுட்டு நிப்போம். விலை குறைஞ்சா அவருக்கு சந்தேகம் இன்னும் கூடும்.

அவர் பதில் போட்டார்: “ரிச்சி ஸ்ட்ரீட்ல இதே மாடல் 15க்கு இருக்கு ப்ரோ.”

ஆக 13 அவரோட விலை இல்ல, 15ஐ மனசுல வச்சுக்கிட்டு கேட்டிருக்கார். நான் எழுதினேன்: “இருக்கும் ப்ரோ. அதுல ராம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு, வெளி பேட்டரி 24 வாட் ஹவரா 72ஆன்னு கேட்டுப் பாருங்க. டி480க்கு வேற வேற அளவுல வரும். எல்லாம் இதே மாதிரின்னா, கூடவே கடை வாரண்டியும் தராங்கன்னா அதையே எடுங்க, நல்ல டீல். வாரண்டி என்னால தர முடியாது.”

கடைசி ரெண்டு வரி எழுதறப்போ வியாபாரத்தை நாமே கெடுத்துக்கிற மாதிரி தோணும். ஆனா அது உண்மை. கடைக்காரர் தரக்கூடிய ஒண்ணை நான் தர முடியாது. அதை நானே சொன்னா, மத்ததுல நான் சொல்றதையும் அவர் நம்பலாம். அதோட, எதை ஒப்பிடணும்னு அவருக்கு ஒரு பட்டியல் கிடைச்சது. ‘அதே மாடல்’ங்கிற ஒத்தை வார்த்தை மூணு கேள்வியா பிரிஞ்சது.

ஒரு நாள் கழிச்சு வந்தார். அது 8 ஜிபி, 256, சின்ன பேட்டரி. அப்புறம்தான் நிஜமான விஷயம் வெளியே வந்தது: “என்கிட்ட 15,000தான் இருக்கு ப்ரோ, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வேணும். அப்பாகிட்ட கேட்டா இன்னும் ஒரு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வரும்.”

ஆள் இப்ப மூணாவது ரகம்னு தெளிவாயிடுச்சு. இங்கே பலர் பாவம்னு குறைச்சிடுவாங்க, இல்லைன்னா சாரி சொல்லிட்டுப் போயிடுவாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு. விலை குறையணும்னா பொருளும் குறையணும்.

டி480ல ராமுக்கு ரெண்டு ஸ்லாட். என் 16 ஜிபிங்கிறது ரெண்டு 8. ஒண்ணைக் கழட்டி நானே வச்சுக்கிட்டா, அது எனக்கு 1,500 பெறும்னு கணக்குப் போட்டேன். அவர்கிட்ட ப்ராஜெக்ட் என்னன்னு கேட்டேன். பைத்தான், ஒரு சின்ன வெப் ஆப். அதுக்கு 8 போதும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோன்னு சொல்லியிருந்தா 8 போதும்னு சொல்லியிருக்க மாட்டேன், திணறும்.

எழுதினது: “ரெண்டு வழி இருக்கு ப்ரோ. இப்ப இருக்கிறபடியே 17,800. இல்லைன்னா ஒரு ராமை நான் எடுத்துக்கறேன், 8 ஜிபியோட 16,300. உங்க ப்ராஜெக்ட்டுக்கு அது தாராளமா போதும், ஸ்லாட் காலியா இருக்கும், பின்னாடி நீங்களே போட்டுக்கலாம். எது வசதி?”

இதுல என் விலை ஒரு ரூபாய்கூட இறங்கல. 16,300ம் என் கையில இருக்கிற ராமும் சேந்தா அதே 17,800. ஆனா அவருக்குத் தன்னால எட்ட முடிஞ்ச ஒரு நம்பர் கிடைச்சது. இது லேப்டாப்புக்கு மட்டும் இல்ல. கேமரான்னா கூடுதல் பேட்டரி, பைக்குன்னா ஹெல்மெட், சைடு பாக்ஸ், கட்டில்னா மெத்தை. பிரிக்கக்கூடியது எதுன்னு விளம்பரம் போடறப்பவே யோசிச்சு வச்சுக்கோங்க. ஆனா பிரிச்ச அப்புறம் அந்தத் துண்டு உங்களுக்கு நிஜமாவே உபயோகப்படணும், இல்லைன்னா அது வேற பேர்ல தள்ளுபடிதான்.

“யோசிச்சு சொல்றேன்”னார். ரெண்டு நாள் சத்தமே இல்ல. இந்த மௌனத்துலதான் நிறைய பேர் விழறாங்க. ஆள் போயிட்டார்னு பயந்து, அவர் கேக்காமலே “சரி ப்ரோ, 15,500 ஓகேவா”ன்னு அனுப்புவாங்க. பதிலே சொல்லாம இருக்கிறதுக்கு நாம கொடுக்கிற பரிசு அது. நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு மெசேஜ் போட்டேன்: “நாளைக்கு 10 மணி உங்களுக்கு வச்சிருக்கேன் ப்ரோ, வரீங்களா? இல்லைன்னா வேற ஆளுக்கு அந்த நேரம் கொடுத்துடறேன்.” விலையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. வேற ஒருத்தர் நிஜமாவே கேட்டிருந்தார், அதனால சொன்னேன். இல்லாத ஆளை இருக்கார்னு சொல்லாதீங்க. நாலு நாள் கழிச்சும் உங்க விளம்பரம் அங்கேயே இருந்தா அவருக்குத் தெரிஞ்சிடும், அப்புறம் பேரம் அவர் கையில.

வரேன்னார். யாராவது “பத்து நாள் வச்சிருங்க, வாங்கிக்கறேன்”னு சொன்னா, ஒரு சின்ன டோக்கன் அட்வான்ஸ் கேளுங்க, 500, 1,000னு. எந்த தேதி வரைக்கும், வரலைன்னா அந்தக் காசு என்ன ஆகும்னு எழுத்துல சொல்லிட்டு வாங்குங்க.

சனிக்கிழமை வந்தார், ஓட்டிப் பாத்தார். கடைசியில கையில எடுத்துட்டு, “கீறல் இருக்கே ப்ரோ, ஒரு ஆயிரம் குறைங்க”ன்னார். நேர்ல நடக்கிற ரெண்டாவது ரவுண்டு இது, அனேகமா எப்பவும் வரும். கீறலை ஏன் முன்னாடியே போட்டேன்னு இப்ப சொல்றேன். “அது மூணாவது போட்டோலயே இருக்கு ப்ரோ, அதையும் சேத்துதான் இந்த விலை”ன்னு சொன்னேன். அவரும் சிரிச்சிட்டு விட்டுட்டார். சொல்லாம விட்டிருந்தா அதே கீறல் நேர்ல ஆயிரம் ரூபாய்க்கு பேரம் பேசற ஆயுதமா மாறியிருக்கும். இதுல ஒரு எல்லை உண்டு. நீங்க சொல்லாத ஒரு குறை அங்கே நிஜமாவே தெரிய வந்தா, ஒரு போர்ட் வேலை செய்யலைன்னு வைங்க, அப்ப விலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. சரிபண்ண ஆகிற செலவைக் குறைச்சிடுங்க. அது பேரம் இல்ல, திருத்தம்.

8 ஜிபியோட 16,300க்கு எடுத்துட்டுப் போனார். ரெண்டு மாசம் கழிச்சு, “அந்த ராம் இன்னும் இருக்கா ப்ரோ?”ன்னு மெசேஜ். இருந்தது. 1,500க்கு அதையும் வாங்கிக்கிட்டார்.

கடைசியா ஒண்ணு. விலையைப் பிடிச்சு நிக்கிறது எப்பவுமே சரின்னு நான் சொல்லல. உங்க விலையே தப்பா இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, ஆட்கள் எந்த இடத்துல நின்னுபோறாங்கன்னு பாருங்க. பத்து நாள் ஆகியும் நிறைய பேர் பாத்துட்டு ஒருத்தர்கூட மெசேஜ் பண்ணலைன்னா, விலை அதிகம். மெசேஜ் வருது, ஆனா யாரும் நேர்ல வரலைன்னா, உங்க விவரம் பத்தல, இல்லைன்னா நீங்க அடுத்த கட்டத்துக்குக் கூப்பிடல. வந்து பாத்துட்டு வாங்காமப் போறாங்கன்னா, போட்டோல இருக்கிறதும் நேர்ல இருக்கிறதும் ஒண்ணா இல்ல.

விலைதான் தப்புன்னா, ஒருத்தருக்கு மட்டும் ரகசியமா குறைக்காதீங்க. விளம்பரத்துலயே மாத்துங்க. மாத்தினதும், முன்னாடி கேட்டுட்டுப் போனவங்களுக்கு ஒரு வரி போடுங்க: “இன்னைக்கு விலையை 17,000க்கு மாத்திட்டேன் ப்ரோ. நீங்க முதல்ல கேட்டதால உங்களுக்கு முதல்ல சொல்றேன். நாளைக்கு சாயங்காலம் வந்து பாக்கறீங்களா?” நீங்க மரியாதையா பேசி அனுப்பின ஆளா இருந்தா, இந்த மெசேஜுக்கு பதில் வரும். “சார்ஜர்கூட வராது”ன்னு சொல்லி அனுப்பின ஆள்கிட்ட இதை அனுப்பவே முடியாது.

அடுத்த எபிசோடுல பாக்கலாம்.